மில்காரரிடம் நாள் கேட்பதற்கு முன்

குமரி மாவட்டத்தில் கோட்டாறு, தக்கலை, மார்த்தாண்டம் என்று எந்தச் சந்தையில் மொத்த வியாபாரிகளோடு பேசினாலும் பணமுடைக்கு ஒரே மருந்தைத்தான் சொல்கிறார்கள்: "மில்காரரிடம் இன்னும் பத்து நாள் தவணை கேட்க வேண்டும்." வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. பலசரக்கு மொத்த வியாபாரத்தில் மில்காரரிடம் வாங்கும் அந்தப் பத்து நாள், வங்கிக் கடனைவிட வட்டி கூடிய கடன்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சியின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். எளிதில் புரிவதற்காக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். அரிசி, பருப்பு, மசாலா, எண்ணெய் என்று ஆண்டுக்கு 3 கோடியே 65 லட்சம் விற்பனை. நாளுக்கு ஒரு லட்சம். அந்தச் சரக்கின் கொள்முதல் விலை நாளுக்கு 95,000 ரூபாய். மார்ச் 31 அன்று கடைக்காரர்கள் தர வேண்டிய பாக்கி 38 லட்சம், கிட்டங்கியில் சரக்கு 19 லட்சம், மில்களுக்குக் கொடுக்க வேண்டியது 11 லட்சத்து 40 ஆயிரம்.

பாக்கியை ஒரு நாள் விற்பனையால் வகுத்தால் 38 நாள். சரக்கையும் மில் பாக்கியையும் ஒரு நாள் கொள்முதலால் வகுத்தால் முறையே 20 நாளும் 12 நாளும் வரும். 38-ஐயும் 20-ஐயும் கூட்டி 12-ஐக் கழித்தால் 46. அதாவது மில்லுக்குக் கொடுத்த ரூபாய் 46 நாள் கழித்துத்தான் கல்லாவுக்குத் திரும்புகிறது. ரொக்கச் சுழற்சி என்பது இவ்வளவுதான். (பாக்கியில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும், விற்பனைக் கணக்கில் சேர்ந்திருக்காது. இரண்டையும் ஒரே அளவில் வைத்து வகுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் நாள் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும் கணக்குகள் ஏராளம்.)

இந்த 46 நாளில் முடங்கிக் கிடக்கும் பணம் 45 லட்சத்து 60 ஆயிரம். அத்தனையும் வங்கியின் சிசி என்கிற ரொக்கக் கடன் கணக்கிலிருந்து 10 சதவீத வட்டிக்கு எடுத்தது என்று வைத்தால் ஆண்டுக்கு 4 லட்சத்து 56 ஆயிரம் வட்டி. அண்ணாச்சியின் மொத்த லாபமே 18 லட்சத்து 25 ஆயிரம்தான். அதில் கால் பங்கு வட்டிக்கே போய்விடுகிறது. கூலி, வண்டி வாடகை, டீசல் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஜூலை கடைசியில் மறுபடி பார்த்தோம். பாக்கி அதே 38 லட்சம். "மார்ச்சில் இருந்ததேதான் இருக்கிறது, ஒன்றும் மோசமில்லை" என்றார் அண்ணாச்சி. வழக்கமான கணக்கும் அவர் பக்கம்தான் பேசியது: 38 நாள்.

ஆனால் அது ஆண்டுச் சராசரியால் வகுத்த எண். நம் மாவட்டத்தில் விற்பனை ஆண்டு முழுவதும் ஒரே சீராகவா ஓடுகிறது? ஆகவே பின்னோக்கிக் கழித்துப் பார்த்தோம். ஜூலை விற்பனை 22 லட்சம்தான். பாக்கியில் அதைக் கழித்தால் மீதி 16 லட்சம். ஜூலையில் விற்றது முழுவதும் கடனாகவே நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும், இந்த 16 லட்சம் அதற்கு முந்தைய சரக்கின் பணமாகத்தான் இருக்க வேண்டும். ஜூன் விற்பனை 24 லட்சம், நாளுக்கு 80,000. அப்படியென்றால் 16 லட்சம் என்பது 20 நாள் விற்பனை. ஜூலையின் 31 நாளோடு சேர்த்தால் 51 நாள். மார்ச்சுக்கும் இதே முறையில் போட்டுப் பார்த்தேன், 38 தான் வந்தது. பாக்கித் தொகை அசையவில்லை, வசூல் மட்டும் 13 நாள் பின்தங்கிவிட்டது. விற்பனை குறைந்ததால் அது கண்ணில் படவில்லை.

காரணம் கடலிலும் மலையடிவாரத்திலும் இருக்கிறது. நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதே ஜூன், ஜூலையில் குலசேகரம், அருமனைப் பக்கம் மழையால் ரப்பர் பால்வெட்டு தடைப்படுகிறது. வீட்டில் வரும்படி நின்றால் தெருமுனைக் கடையில் பற்று ஏறும். கடைக்காரர் நமக்குப் பாக்கி வைப்பார்.

குளச்சல் பக்கத்துக் கடை ஒன்றின் பேரேட்டுப் பக்கத்தைத் திறந்தால் இது அப்படியே தெரிகிறது. வாரந்தோறும் வண்டி போகிறது. 12,000 ரூபாய்க்குச் சரக்கு இறங்குகிறது, 8,000 ரூபாய் வருகிறது. பணம் வருவதால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. ஆனால் வாரம் 4,000 சேர்ந்து, தடைக்காலம் முடியும்போது 35,000 பழைய பாக்கியாக நிற்கிறது. லைனுக்குப் போகிற விற்பனையாளர் வந்த பணத்தைப் புதிய பில்லில் வரவு வைத்திருந்தார். அவருக்கு விற்பனைக்குத்தானே கமிஷன்! ஏப்ரல் பில்லைத் தேடிப் பிடிக்க அவருக்கு என்ன தலையெழுத்து?

இந்த நேரத்தில்தான் "மில்காரரிடம் நாள் கேட்போம்" என்ற யோசனை வருகிறது. 12 நாளை 22 ஆக்கினால் 9 லட்சத்து 50 ஆயிரம் கையில் நிற்கும், உண்மைதான். ஆனால் 12 நாளுக்குள் பணம் போனால் மில் தரும் அரை சதவீதத் தள்ளுபடி போய்விடும். ஆண்டுக் கொள்முதலில் அது 1 லட்சத்து 73 ஆயிரம். அதே ஒன்பதரை லட்சத்தை வங்கியில் எடுத்தால் வட்டி 95,000 தான். பத்து நாளுக்கு நூற்றுக்கு அரை ரூபாய் என்றால் ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வருகிறது. தள்ளுபடியே தராத மில்லாக இருந்தால் என் வாதம் நிற்காது, அங்கே தாராளமாக நாள் கேட்கலாம்.

அங்கேயும் ஒரு வேலி உண்டு. சரக்கைத் தயாரித்துக் கொடுப்பவர் குறு அல்லது சிறு நிறுவனமாக மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்றிருந்தால், குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் போயாக வேண்டும். 2023-24 நிதியாண்டு முதல், மார்ச் 31 அன்று இந்தக் கெடு தாண்டி நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், மொத்த வியாபாரியும் 2021 ஜூலை முதல் உத்யமில் பதியலாம், ஆனால் வங்கியின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். தாமதமாகப் பணம் தரும் கடைக்காரர்மீது அந்தச் சட்டத்தை அவர் பயன்படுத்த முடியாது. வாங்கும் பக்கம் கெடு, விற்கும் பக்கம் கெஞ்சல். இதை மாற்றச் சொல்லி நம் வணிகர் சங்கங்கள் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

அண்ணாச்சியிடம் நான் சொன்னது இதுதான். கடற்கரை லைனுக்கும் ரப்பர் லைனுக்கும் பாக்கிப் பட்டியலைத் தனித்தனியாக எடுங்கள். வருகிற பணம் முதலில் பழைய பில்லுக்கு வரவாகட்டும். கமிஷனை விற்பனையிலிருந்து வசூலுக்கு மாற்றுங்கள். தடைக்காலம் தொடங்கும் நாளில் இருக்கும் பாக்கியை அப்படியே நிறுத்தி வைத்து, அதன் பிறகு இறங்கும் சரக்குக்கு அந்தந்த வாரமே பணம் வாங்குங்கள். நிறுத்தி வைத்ததை ஆகஸ்டிலிருந்து வாரத் தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

"கடன் இல்லையென்றால் அவன் அடுத்த வண்டிக்காரனிடம் வாங்கிவிடுவானே?" என்றார். சிலர் போவார்கள். வாரம் 12,000 ரூபாய் சரக்கில் நமக்கு மிஞ்சுவது 600 ரூபாய், அந்தக் கடையில் வாரந்தோறும் சிக்குவது 4,000. அந்தக் கடைக்காரருக்குக் கடன் கொடுக்கலாமா என்று அடுத்த வண்டிக்காரரும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.