கோழிக்கறியைக் குழாயில் காட்டிக் கழுவாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு சிங்க்கைச் சுற்றி ஏழெட்டு வெள்ளைத் தாள்களைப் பரப்பி ஒட்டிவைத்தேன். ஒரு கிலோ கோழி, கடையில் தோலுரித்து வெட்டிக் கொடுத்தது. அத்தை வழக்கம்போல மஞ்சள்தூளும் கல் உப்பும் போட்டுப் பிசறி, ஒவ்வொரு துண்டாகக் குழாயில் காட்டிக் கழுவினார். எதையும் மாற்றிச் செய்யச் சொல்லவில்லை. கழுவி முடித்ததும் தாள்களை எடுத்துப் பார்த்தோம். அங்கங்கே ஒன்றிரண்டு மஞ்சள் புள்ளி, அவ்வளவுதான்.

"பாத்தியாம்மா, எங்க தெறிச்சிருக்கு?" என்றார் அத்தை.

துணி சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றித் தாள்களின்மேல் அடித்தேன். மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்பு போட்டால் சிவந்து போகுமே, அதே விஷயம்தான். கண்ணுக்குப் பிடிபடாமல் இருந்த புள்ளிகள் எல்லாம் செம்பழுப்பாக எழும்பி வந்தன. பாத்திரம் கவிழ்த்து வைக்கும் ஸ்டாண்டுக்குக் கீழே இருந்த தாளில் மட்டும் முப்பதுக்கு மேல் எண்ணினேன். கடைசிப் புள்ளி குழாயிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கொத்தமல்லிக் கட்டை வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அத்தை ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் அந்தக் கொத்தமல்லியை எடுத்துக் குப்பையில் போட்டார்.

உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். பச்சைக் கோழியைத் தொட்ட கையோடு எதையும் தொடக்கூடாது என்பது அங்கே முதல் நாளே சொல்லித் தரும் பாடம். அதை என் வீட்டு அடுப்படிக்குக் கொண்டுவர எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பச்சைக் கோழியில் நாம் பயப்பட வேண்டிய கிருமிகள் முக்கியமாக இரண்டு: சால்மொனெல்லா, காம்பிலோபாக்டர். இரண்டும் கோழியின் குடலில் இருப்பவை. வெட்டும்போதும் வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும்போதும் கறிமேல் ஒட்டிக்கொள்கின்றன. கறியின் உள்பக்கம் 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் இரண்டும் செத்துவிடும். நம் குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது நூறு டிகிரியைத் தொடுகிறது. துண்டுகள் எலும்பு வரைக்கும் வெந்துவிட்டால் அந்தக் கோழியில் பயப்பட ஒன்றுமில்லை, கழுவியிருந்தாலும் சரி, கழுவாவிட்டாலும் சரி.

ஆபத்து கொதிக்காத பொருள்களில்தான் இருக்கிறது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயப் பச்சடி, அடுப்பை அணைத்தபின் தூவும் கொத்தமல்லி, கழுவிக் கவிழ்த்த தட்டு, குழந்தையின் பால் பாட்டில், குழாயின் திருகு. இவற்றை யாரும் கொதிக்க வைப்பதில்லை.

கழுவினால் கிருமி போகும்தானே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கொஞ்சம் போகும். பிரச்சினையே அதுதான். தோலின் மடிப்புகளிலும் இறகு பிடுங்கிய குழிகளிலும் தசையின் இடுக்குகளிலும் ஒட்டிக்கொண்டவை எத்தனை முறை அலசினாலும் வராது. மேலாக நீரோடு நிற்பவை வரும். வந்தவை சாகவில்லை. சிங்க்கிலும் திண்டிலும் உங்கள் சட்டையிலும் உயிரோடு உட்கார்ந்திருக்கின்றன. ஆக, எப்படியும் குழம்பில் செத்துப்போகப் போகிறவற்றை, சாக வழியே இல்லாத இடத்துக்கு நாமே கொண்டுபோய் விடுகிறோம். மஞ்சளும் உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பது கவுச்சியைக் குறைக்கும், ருசியையும் கூட்டும். ஐந்து நிமிடப் பிசறலில் கிருமி ஒழிந்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

தெறிப்பதைப் பற்றி 2022-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. குழாய்க்கு அடியில் கோழியை வைத்து, சுற்றிலும் கிருமி வளர்க்கும் தட்டுகளை வைத்துப் பார்த்தார்கள். தெறித்த நீரில் உயிருள்ள கிருமிகள் இருந்தன. குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு கூடுதலாகத் தெறித்தது. கறி மெத்தென்று இருப்பதால் தண்ணீர் விழும் இடம் குழிந்துபோகிறது, அந்தக் குழி தண்ணீரை வெளியே வாரி இறைக்கிறது. கரண்டியின் குழிந்த பக்கம் குழாய்க்கு நேராக வந்துவிட்டால் முகத்தில் அடிக்குமே, அதன் சின்ன உருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முன்னால், 2019-இல், அமெரிக்க வேளாண் துறை ஓர் ஆய்வை வெளியிட்டது. வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தது. சுமார் 300 பேரைச் சமையலறைக்கு வரவழைத்து, கோழித்தொடையைச் சமைத்து, கூடவே பச்சை சாலட்டும் செய்யச் சொன்னார்கள். கோழியில் முன்கூட்டியே தீங்கில்லாத ஒருவகை பாக்டீரியாவைத் தடவி வைத்திருந்தார்கள், எங்கெல்லாம் பரவுகிறது என்று பின்னால் தேடிப் பார்ப்பதற்காக. கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் அது இருந்தது. சிங்க்கைச் சுத்தம் செய்தபிறகும் 14 சதவீதம் பேரின் சிங்க்கில் இருந்தது. 26 சதவீதம் பேரின் சாலட் இலை வரைக்கும் போய்விட்டது.

"கோழியைக் கழுவாதே" என்று பகிர்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அதே ஆய்வில் கோழியைக் கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் சாலட்டில் அந்த பாக்டீரியா இருந்தது. கழுவாமல் விட்டார்கள், ஆனால் பச்சைக் கோழியைத் தொட்ட கையைச் சரியாகக் கழுவவில்லை. கறியைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, அதே கையால் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் என்ன பயன்? அந்தப் பல்கலைக்கழகத்தினர் பின்னால் வேறொரு ஆய்வும் செய்தார்கள். வான்கோழிக் கொத்துக்கறியில் அடையாளத்துக்கு ஒரு தீங்கற்ற வைரஸைக் கலந்து கொடுத்துச் சமைக்கச் சொன்னார்கள். சோதித்த மசாலா டப்பாக்களில் 48 சதவீதத்தில் அது ஒட்டியிருந்தது. சமைத்தவர்கள் யாருக்கும் டப்பாவைத் தொட்ட கையைப் பற்றி நினைவே இல்லாதிருக்கும். நம் அடுப்படியில் மஞ்சள்தூள் கரண்டியை எந்தக் கை எடுக்கிறது என்று இந்த ஞாயிறு ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

சரி, "காலங்காலமா கழுவித்தானே சாப்பிடுறோம், என்ன ஆயிடுச்சு?" என்று அத்தை கேட்டதற்கு வருகிறேன். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அத்தையின் அம்மா கறியை எங்கே கழுவினார் என்று கேட்டேன். கொல்லைப்புறத்தில், கிணற்றடியில், அலுமினியச் சட்டியில் தண்ணீரை மொண்டு ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றுவாராம். சாப்பாட்டுத் தட்டு அந்தப் பக்கமே வராது. அங்கே உயரத்திலிருந்து வேகமாக விழும் குழாய் இல்லை, பக்கத்தில் கவிழ்த்த டம்ளர்கள் இல்லை. நாம் கழுவும் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இடத்தை மாற்றிவிட்டோம். இரண்டடி சிங்க்கில் கறியும் கீரையும் பால் பாத்திரமும் ஒன்றாகப் புழங்குகின்றன.

அதோடு, மேல்நாட்டு அறிவுரையை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது. அங்கே பாக்கெட்டில் வருவது ஆலையில் சுத்தம் செய்த கோழி. நம் கறிக்கடையில் கட்டையில் வைத்து வெட்டித் தருகிறார்கள். எலும்புச் சில்லு, கட்டைத் தூள், உறைந்த ரத்தம், ஒட்டிய இறகு எல்லாம் இருக்கும். இதை அப்படியே சட்டியில் போடு என்று என் வீட்டில் நான் சொன்னால் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள், நானும் உட்கார மாட்டேன். அழுக்கை எடுக்க அலசத்தான் வேண்டும். குழாயில் காட்டாமல் அலசலாம்.

எங்கள் வீட்டில் இப்போது முதலில் பச்சடி. வெங்காயம் நறுக்கி, தயிர் ஊற்றி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறோம். கொத்தமல்லியும் புதினாவும் அலசி நறுக்கி டப்பாவில் போயாயிற்று. தேவையான மசாலாக்களை முன்பே ஒரு கிண்ணத்தில் அளந்து எடுத்துவைத்துவிட்டு அஞ்சறைப் பெட்டியை மூடிவிடுகிறோம். ஸ்டாண்டில் இருக்கும் பாத்திரங்கள் உள்ளே போகின்றன. கறிப்பையைத் திறப்பது இதற்கெல்லாம் அப்புறம்தான்.

வாயகன்ற ஆழமான சட்டியில் முதலில் தண்ணீர் பிடித்துக் குழாயை மூடிவிட வேண்டும். பிறகு துண்டுகளை மெதுவாக இறக்கி, தண்ணீருக்குள்ளேயே கையால் அலசுங்கள். சில்லும் இறகும் மிதக்கும், அல்லது அடியில் தங்கும். துண்டுகளைத் தூக்கி நேராகச் சமைக்கும் சட்டியில் போடுங்கள். அழுக்குத் தண்ணீரைச் சிங்க்கின் துளைக்குப் பக்கத்தில், தாழ்வாகப் பிடித்து, மெல்லச் சாய்த்து ஊற்றுங்கள். ஒரு தண்ணீர் போதும். மூன்று தண்ணீர் நான்கு தண்ணீர் என்று மாற்றுவதால் கிருமி தீரப்போவதில்லை, ஊற்றும்போது சிந்துவதுதான் கூடும்.

அடுத்தது கை. கறி பட்ட விரலால் குழாயைத் திருகாதீர்கள், முழங்கையால் தள்ளுங்கள். திருகு குழாயாக இருந்தால் வீட்டில் இன்னொருவரைத் திறக்கச் சொல்லுங்கள். சோப்பு போட்டு 20 விநாடி, விரலிடுக்கும் நக அடியும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். கடைசியாகச் சிங்க், குழாய், திண்டு, வெட்டும் பலகை, கத்தி. முதலில் சோப்பால் பிசுக்கை எடுங்கள், அதன்பின் ப்ளீச் கரைசலைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து ஊற்றி, அதில் சொல்லியிருக்கும் நேரம் விட்டு அலசுங்கள். வரிசை முக்கியம், பிசுக்கு இருக்கும்வரை ப்ளீச் சரியாக வேலை செய்யாது. சிங்க் தேய்த்த ஸ்பாஞ்சால் தட்டைத் தேய்க்கக் கூடாது.

"எங்க வீட்ல யாருக்கும் வயித்துக்கு வந்ததே இல்ல" என்று சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காம்பிலோபாக்டர் உள்ளே போனால் அன்றைக்கே வயிறு கலங்காது. பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துத்தான் காய்ச்சல், வயிற்றுப் பிடிப்பு, பேதி என்று ஆரம்பிக்கும், சிலருக்கு ரத்தத்தோடு போகும். ஞாயிற்றுக்கிழமைப் பச்சடியில் போனது புதன்கிழமை காட்டும். அதற்குள் செவ்வாய்க்கிழமை வெளியே சாப்பிட்ட பரோட்டாவின் மேல் பழியைப் போட்டிருப்போம். மூன்று வருடம் முன்பு என் மகளுக்கு அப்படித்தான் வந்தது. அப்போது அவளுக்கு இரண்டு வயது. பேதியில் துவண்டுபோனவளை இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தோம். முந்தின நாள் வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம்தான் காரணம் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எது காரணம் என்று உறுதியாகச் சொல்ல இன்று வழியில்லை. ஆனால் அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கோழி, அவளுடைய பால் பாட்டில் எப்போதும் காய்வது அந்த ஸ்டாண்டில்தான். தாளில் அந்த முப்பது புள்ளிகளை எண்ணும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.