பின்னுக்கு 40 மில்லிஆம்பியர் வரும்னு யார் சொன்னது?

அர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் ATmega328P சிப்பைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒருவர் வந்து நிற்பார். "ஒரு பின் 40 மில்லிஆம்பியர் வரைக்கும் கொடுக்கும், டேட்டாஷீட்டிலேயே போட்டிருக்கு." போட்டிருக்கிறதுதான். எந்த அட்டவணையில் போட்டிருக்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. அந்த எண் இருப்பது அப்சல்யூட் மேக்ஸிமம் ரேட்டிங்ஸ் என்ற தலைப்புக்குக் கீழே. அதைத் தாண்டினால் சிப் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம் என்று எச்சரிக்கும் பட்டியல் அது. அதில் இருக்கும் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு சர்க்யூட் போடுகிறார்களே, எனக்கு வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அதே பட்டியலோடு ஒரு குறிப்பும் இருக்கிறது. நாலு வரிதான். இவை சிப் தாங்கும் அளவுகள் மட்டுமே, இந்த நிலைமையில் சிப் ஒழுங்காக வேலை செய்யும் என்று இதற்குப் பொருள் இல்லை, இந்த எல்லையிலேயே நெடுநேரம் வைத்திருந்தால் நம்பகத்தன்மை கெடலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. எண்ணைப் படிக்கத் தெரிந்த கண்ணுக்கு, அதை ஒட்டியே இருக்கும் எழுத்து எப்படித் தெரியாமல் போகிறது?

சரி, இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 5 வோல்ட் ரிலே ஒன்று, காயில் 125 ஓம். 5 வோல்ட்டை 125ஆல் வகுத்தால் சொல்லிவைத்தாற்போல் 40 மில்லிஆம்பியர். "ஆஹா, பின்னோட கணக்குக்குச் சரியா இருக்கே" என்று ரிலேயை நேராகப் பின்னில் மாட்டிவிடுகிறார்கள். மேசையில் வைத்து ஓட்டினால் டக்கென்று அடிக்கும். வீடியோவும் எடுத்துப் போட்டாயிற்று.

இப்போது டிசி கேரக்டரிஸ்டிக்ஸ் அட்டவணைக்கு வாருங்கள். சிப்பைத் தயாரித்தவர் பொறுப்பேற்கும் எண்கள் அங்கேதான் இருக்கின்றன. சிப்பின் சப்ளையான VCC 5 வோல்ட்டாக இருந்து, பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியர் எடுத்தால், 85 டிகிரி வரை VOH, அதாவது ஆனில் இருக்கும் பின்னில் கிடைக்கும் வோல்டேஜ், 4.2 வோல்ட்டுக்குக் குறையாது. உத்தரவாதம் அவ்வளவுதான். 40 என்ற பேச்சே அங்கே கிடையாது. 20ஐத் தாண்டி எடுத்தால் வோல்டேஜுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அடிக்குறிப்பும் இருக்கிறது.

20 மில்லிஆம்பியருக்கு 0.8 வோல்ட் வரை விழலாம் என்றால், மோசமான நிலையில் அந்தப் பின் 40 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தனக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறது என்று பொருள். அறை வெப்பத்தில் சராசரி சிப்பில் இது 25 ஓம் வாக்கில் இருக்கும். அந்த 25 ஓமோடு காயிலின் 125ஐ வைத்துப் பாருங்கள்: காயிலுக்குக் கிடைப்பது சுமார் 4.17 வோல்ட். இந்த வகை ரிலே பல, குறித்த வோல்டேஜில் 75 சதவீதம், அதாவது 3.75 வோல்ட் வந்தால் அடித்துவிடும். அதனால்தான் உங்கள் மேசையில் அடித்தது.

அதே சர்க்யூட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். உள்ளே சூடு. கேபிளில் கொஞ்சம் இறங்கிச் சப்ளை 4.75 ஆகிறது. பின் 40 ஓம் பக்கம் போகிறது. இப்போது காயிலுக்கு வருவது 3.6 வோல்ட். அடிக்காது, இல்லையென்றால் பாதி அடித்துப் படபடக்கும். போதாக்குறைக்கு, காயில் செம்பு. அது சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும், அடிப்பதற்கு வேண்டிய வோல்டேஜும் சேர்ந்து ஏறும். இங்கே எதுவும் எரியவில்லை, புகையவில்லை, 40 மில்லிஆம்பியரைத் தொடக்கூட இல்லை. ஓடுவது 29தான். ஆனாலும் வேலை நடக்கவில்லை. "வேலை செய்யும் என்று பொருள் இல்லை" என்று அந்தக் குறிப்பு சொன்னது இதைத்தான். இவர்களோ ரிலே டூப்ளிகேட், சிப் டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். சந்தேகமாக இருந்தால் ரிலே ஆனில் இருக்கும்போது அந்தப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 4.2க்குக் கீழே காட்டினால் நீங்கள் யாரும் பொறுப்பேற்காத இடத்தில் நிற்கிறீர்கள்.

இதற்குத் தேவை ஒரு சின்ன என்பிஎன் டிரான்சிஸ்டர், பேஸில் 1 கிலோஓம், காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு. பின்னிலிருந்து போவது 4 மில்லிஆம்பியர். அந்த டயோடைக்கூடப் போடாமல் விடுகிறவர்களைப் பற்றி இன்னொரு நாள் குமுறிக்கொள்கிறேன்.

"ஒரு பின்தானே" என்பவர்கள் அதே பட்டியலில் அடுத்த வரியையும் பார்க்கட்டும். VCC, கிரவுண்டு பின்களுக்கு 200 மில்லிஆம்பியர். 40 வீதம் ஐந்து பின் எடுத்தாலே அந்த எல்லை வந்துவிடுகிறது.

படிப்பவர்களை மட்டும் குறை சொன்னால் நியாயமில்லை. டேட்டாஷீட் எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 74HC595 போன்ற சிப்புக்கு இரண்டு அட்டவணையும் தனித்தனியாக இருக்கும். அப்சல்யூட் மேக்ஸிமத்தில் சப்ளை 7 வோல்ட், ரெகமெண்டட் ஆப்பரேட்டிங் கண்டிஷன்ஸில் 2 முதல் 6 வோல்ட். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம். ATmega328Pயில் அந்தப் பெயரில் தனி அட்டவணையே கிடையாது. இயங்கும் வோல்டேஜ் 1.8 முதல் 5.5 என்று முதல் பக்கத்தில். 20 மெகாஹெர்ட்ஸில் ஓட்ட 4.5 வேண்டும் என்பது ஸ்பீட் கிரேடில். கரண்ட் இன்னொரு அட்டவணையின் நிபந்தனைக் கட்டத்தில், பொடி எழுத்தில். மொத்தமாக, பளிச்சென்று, ஒரே இடத்தில் கிடைப்பது அழிவு எல்லைப் பட்டியல் மட்டும்தான். புதிதாக வருகிறவர் எதை எடுப்பார்?

அந்தப் பட்டியலிலேயே யாரும் கண்டுகொள்ளாத வரி ஒன்று இருக்கிறது. ரீசெட் தவிர்த்த எந்தப் பின்னிலும் VCC + 0.5 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. எல்லோரும் VCC என்ற இடத்தில் 5 போட்டு 5.5 என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். சிப்புக்குச் சப்ளை இல்லாதபோது VCC பூஜ்யம், அப்போது எல்லை வெறும் அரை வோல்ட்! தனிச் சப்ளையில் ஓடும் சென்சார் 5 வோல்ட்டைப் பின்னில் ஊட்டிக்கொண்டிருக்க, போர்டை மட்டும் அணைத்தால், கரண்ட் பின்னின் பாதுகாப்பு டயோடு வழியாக VCCக்கு ஏறுகிறது. அணைத்த போர்டில் எல்இடி மங்கலாக எரிந்தால் அதுதான் அடையாளம். அதைப் பார்த்துவிட்டு "கரண்ட் இல்லாமலே ஓடுது, சூப்பர் சிப்" என்று எழுதியவரிடம் சீரீஸில் 10 கிலோஓம் போடுங்கள் என்றேன். டேட்டாஷீட்டில் 40 மில்லிஆம்பியர் தாங்கும்னு இருக்கே, எதுக்கு ரெசிஸ்டர் என்று கேட்கிறார்.