"ஒண்ணுமில்ல"

போன மாசம் அழகர்கோவில்ல எங்க பொண்ணுக்கு மொட்டை போட்டு காது குத்துனோம். என் மச்சான் தாய்மாமன் சீர் கொண்டு வந்தாரு, தட்டப் பாத்த எங்க பெரியம்மா எல்லார் முன்னாடியும் "இம்புட்டுத்தானா"ன்னு கேட்டுருச்சு. அதுக்கப்புறம் அஞ்சு நாள் வீட்டுல என் பொண்டாட்டி என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல"தான். சண்டையும் இல்ல, டயத்துக்கு சோறு போட்டா, ஆனா கூட உக்காந்து சாப்பிடல. ஆசையா மல்லி வாங்கிட்டுப் போனா அதத் தலைல வைக்காம சாமி படத்துக்குப் போட்டுட்டா.

நான் பண்ண தப்பு, என்னாச்சு என்னாச்சுன்னு நொய்யி நொய்யின்னு கேட்டது. மூணாவது நாள் "ஒண்ணுமில்லன்னா ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுருக்க"ன்னு கத்திட்டேன், அதோட இருந்த "ம்"மும் நின்னுபோச்சு. நம்ம கேக்கக் கேக்க அவங்க உள்ள போவாங்க, உள்ள போகப் போக நம்ம இன்னும் கேப்போம், இது சுத்திக்கிட்டே இருக்கும். அவ ஏன் சொல்லணும்? முன்னாடி எத்தனையோ தடவ வாய் திறந்தப்ப "அவங்க வயசானவங்க, விடு"ன்னு வாயடைச்சது நான்தானே.

அஞ்சாவது நாள் சாயங்காலம் தெப்பக்குளம் போனோம். மூஞ்சிக்கு நேரா உக்காந்து கேட்டா போலீஸ் விசாரணை மாதிரி ஆயிடும், அதனால செவுத்துல பக்கத்துல பக்கத்துல உக்காந்து தண்ணியப் பாத்துக்கிட்டு இருந்தோம். என்னாச்சுன்னு கேக்கல, பாத்தத மட்டும் சொன்னேன். "காதுகுத்துல இருந்து நீ என்கூட சாப்பிடல, பூவும் வைக்கல. உங்கண்ணன் விஷயமோன்னு தோணுது, தப்பாவும் இருக்கலாம்." சொல்லிட்டு சும்மா இருந்தேன், அந்த சும்மா இருக்குறதுதாங்க ரொம்ப கஷ்டம்.

மொதல்ல "தலவலி"ன்னா. மொதப் பதில் பெரும்பாலும் உண்மையான பதிலா இருக்காது, நம்ம எப்புடி எடுத்துக்குறோம்னு பாக்குறதுதான் அது. சரின்னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு "உங்க பெரியம்மா பேசுனது"ன்னு ஆரம்பிச்சா. வயசானவங்கன்னு என் நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, முழுங்கிட்டேன். அதுக்குப் பதிலா நான் புரிஞ்சுக்கிட்டதத் திருப்பிச் சொன்னேன், "உங்கண்ணன் தலகுனிஞ்சு நின்னப்ப நான் பக்கத்துல வரல, அதானே?"

"வராதது கூடப் பரவால்லங்க. நீங்க சிரிச்சீங்க."

சத்தியமா எனக்கு அது ஞாபகமே இல்ல. நானா எத்தன நாள் யோசிச்சிருந்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். நான் சொன்னது கொஞ்சம் தப்பா இருந்ததாலதான் அவ திருத்துனா, உண்மை வெளிய வந்துச்சு. அதனால யூகிச்சதச் சொல்லுங்க, ஆனா அவங்க திருத்துறதுக்கு எடம் விட்டுச் சொல்லுங்க. "இப்ப வேணாம்"னு சொன்னா விட்டுருங்க, ஆனா ராத்திரி சாப்பிட்டதுக்கப்புறம் பேசுவோமான்னு ஒரு நேரம் சொல்லிட்டு அந்த நேரத்துக்கு நீங்களா போய் உக்காருங்க.

இதெல்லாம் மனத்தாங்கலுக்குத்தான். வாரக்கணக்கா தூக்கமில்ல, சாப்பாடு எறங்கல, எதுலயும் பிடிப்பில்லன்னா அது வேற, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.

மறுநாள் காலைல மச்சானுக்கு போன் போட்டு மன்னிப்பு கேட்டேன். அவ பக்கத்துல வரல, அடுப்படில மிக்ஸிய நிறுத்திட்டு நின்னுக்கிட்டிருந்தா.