18 காரட்டை 22 ஆக்க 1.67 கிராம் போதுமா?

ஒருவர் போட்ட கணக்கு இது: “10 கிராம் 18 காரட் சங்கிலியில் தங்கம் 75 சதவீதம், 22 காரட்டில் 91.67. வித்தியாசம் 16.67. அதனால் 1.67 கிராம் சுத்தத் தங்கம் சேர்த்து உருக்கினால் போதும்.”

போதாது. அப்படிச் செய்தால் 11.67 கிராமில் தங்கம் 9.17தான் இருக்கும், அதாவது 78.6 சதவீதம். 19 காரட்கூட வராது. அவருக்குப் பதில் சொன்ன இன்னொருவர் மொத்த எடை கூடுவதைச் சரியாகப் பிடித்து, 12 கிராமில் 16.67 சதவீதம், அதாவது 2 கிராம் சேர்க்க வேண்டும் என்று திருத்தினார். ஆனால் 16.67 சதவீதத்தையே அவரும் பிடித்துக்கொண்டதால், 79 சதவீதத்தில் நின்றுவிட்டார்.

தங்கத்தை விட்டுவிட்டுக் கலப்பைப் பாருங்கள். சங்கிலியில் செம்பும் வெள்ளியும் 2.5 கிராம். எவ்வளவு தங்கம் போட்டாலும் அது குறையாது. 22 காரட்டில் கலப்பு பன்னிரண்டில் ஒரு பங்குதான் இருக்கலாம். ஆக மொத்தம் 30 கிராம் வர வேண்டும். சேர்க்க வேண்டியது 20 கிராம்! சேர்ப்பது 995 தங்கம், அதாவது 99.5 சதவீதத் தங்கமென்றால் அதிலும் கொஞ்சம் கலப்பு உண்டு, 21.3 கிராம் ஆகும்.

புதுத் தங்கம் வாங்க மனமில்லையென்றால், சங்கிலியைச் சுத்திகரித்துக் கிடைக்கும் 7.5 கிராமில் 0.68 கிராம் செம்பு சேர்த்தால் 8.18 கிராம் 22 காரட் கிடைக்கும், சேதாரம் தனி.

80 சதவீத வெள்ளிக் கொலுசின் தரத்தையும் இப்படி உயர்த்தலாமா என்று கேட்டவருக்கு: வெள்ளிக்கும் இதே கணக்குதான். ஆனால் பழைய நகையில் பற்றவைக்கச் சேர்த்த கலப்புப் பொடி எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. முதலில் உருக்கி, தரம் பார்த்து, அப்புறம் கணக்குப் போடுங்கள். உங்கள் கொலுசு நிஜமாகவே 80 சதவீதம்தானா?