அலை குறைந்த இடம் பாதுகாப்பானதா?

“அலை அடிக்காத அமைதியான இடமாகப் பார்த்து இறங்குங்கள். நீர் இழுத்தால் அடியில் கொண்டுபோகும் முன் கரையை நோக்கி வேகமாக நீந்திவிடுங்கள்.”

நண்பரே, இந்தத் திரியில் நீங்கள் எழுதிய இந்த யோசனையை நம்பி யாரும் இறங்க வேண்டாம். நீருக்கடியில் உள்ள மணல்திட்டின் மேல் அலையாக உடைந்து உள்ளே வந்த நீர், திட்டின் பள்ளம் வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. இந்த இழுப்புதான் ரிப் கரன்ட். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. சிட்னியின் பாண்டை கடற்கரையில் தென்கோடியில் இப்படி ஒரு ரிப் கரன்ட் பெயர் பெற்றது. புதிதாக வருபவர்கள் அமைதியைப் பார்த்து அங்கேதான் இறங்குகிறார்கள். இறங்குமுன் சற்று மேடான இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இருபுறமும் வெள்ளை நுரை, நடுவில் கருத்த பட்டை, அதில் நுரையோ மணல் கலங்கலோ கடலை நோக்கி நகர்ந்தால் அதுதான் ரிப் கரன்ட்.

அது அடியில் இழுக்காது, வெளியே கொண்டுபோகும். வலுவானது வினாடிக்கு 2 மீட்டர் வரை ஓடும். எதிர்த்து நீந்தினால் மூச்சு வாங்கித்தான் மூழ்குவோம். மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் காட்டுங்கள்.

இந்தத் திரியில் இன்னொருவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தச் சொன்னது பாதி சரி. ஒரு பக்கம் நீர் தடுத்தால் மறுபக்கம் திரும்பி, அலை உடையும் இடத்துக்குப் போய், அலையோடு கரைக்கு வாருங்கள். சில இழுப்புகள் சுழன்று தாமே கரைப்பக்கம் கொண்டுவரும், சில அப்படியே வெளியே தள்ளும். எது எப்படி என்று நீரில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் முதலில் மிதக்கச் சொல்கிறேன்.

கரையில் நின்றபோது கணுக்காலில் மணல் அரித்தது என்று இங்கே எழுதிய தங்கச்சி, அது அலை திரும்பும் இழுப்பு. ரிப் கரன்ட் வேறு.