வாடகை வரல்லயாம், அப்ப போட்ட காசு எங்க போச்சு?

செப்டம்பர் பாதியில வீட்டுக்கார மாமா கோல் எடுத்து "ஓகஸ்ட் மாச வாடகை இன்னும் வரல்லையே மனே" என்டு ஒரு வசனத்த எறிஞ்சிட்டுப் போனை வச்சிட்டாரு. அவருக்கு அது ஒரு வசனம், எனக்கு 28,000 ரூபா. அதுவும் நான் போட்ட காசு. போடாம இருந்து கேட்டிருந்தா வாயை மூடிட்டு இருந்திருப்பன், போட்டுட்டு ஏச்சு வாங்கிறதுதான் பத்திக்கிட்டு வருது.

அந்தாள் இருக்கிறது களுவாஞ்சிகுடியில, நாங்க இருக்கிற வீடு கல்லடியில. நேர கைல குடுக்கிற கதையே இல்ல, எல்லாம் ஆப்லதான் அவர்ட அக்கவுண்டுக்குப் போகுது. வரல்ல என்டு சொல்ல முந்தி எதைப் பாத்திங்க மாமா என்டு கேட்டா, போனுக்கு மெசேஜ் வரல்லயாம். எஸ்எம்எஸ் வராட்டி காசும் வரல்லயா? மெசேஜ் சும்மா ஒரு அறிவித்தல், சிலவேளை வரும், சிலவேளை வராது, நம்பர் மாத்திட்டு பேங்க்ல சொல்லாட்டி வரவே வராது. மறுகா பாஸ்புக்கைப் பாத்தாராம், அதுல கடைசி வரி ஜூலை நடுவுல நிக்குது! பேங்குக்குக் கொண்டு போய் அடிக்காம விட்டா பாஸ்புக்ல தானா வரி வளருமா?

நான் உடன ஸ்கிரீன்ஷொட்டை வட்ஸ்அப்ல அனுப்பினன். "இதெல்லாம் போன்ல செய்யலாம் தம்பி" என்டு அவர்ட மகன் சொல்றான். கோவம் வந்தது, ஆனா ஒரு விசயத்துல அவன் சொல்றது சரிதான். ஸ்கிரீன்ஷொட் காட்டுறது நான் அனுப்பச் சொன்னன் என்டதை மட்டும்தான், போய்ச் சேர்ந்திச்சா என்டதை இல்ல. படத்துல ஆரும் எதையும் மாத்தலாம். அதனால யாருக்காவது இப்படி ஒரு வில்லங்கம் வந்தா ஸ்கிரீன்ஷொட்டை வச்சு மல்லுக்கட்டாதீங்க, நேர ஸ்டேட்மென்டை எடுங்க. ஆப்ல இருந்து பிடிஎப் ஆக எடுக்கலாம், அதையும் நம்பாத ஆளென்டா கிளையில சீல் அடிச்சு வாங்குங்க, அதுக்கு ஒரு கட்டணம் எடுப்பாங்க.

ஸ்டேட்மென்ட்ல காசு வெளிய போன வரியை மட்டும் காட்டிட்டு நிண்டாலும் காணாது. காசு உங்கட கணக்கை விட்டுப் போனதுக்குத்தான் அது சாட்சி, ஆருக்குப் போச்சு என்டு அதுல பெரும்பாலும் முழுசா இருக்காது. அதுக்குத்தான் அந்த ட்ரான்ஸ்பர்ட ரிசீட்டைத் திறக்கணும், அதுல போன அக்கவுண்ட் நம்பர், பேங்க், திகதி, நேரம், தொகை, ரெபரன்ஸ் நம்பர் எல்லாம் இருக்கும். ரிசீட்ல இருக்கிற திகதியும் தொகையும் ஸ்டேட்மென்ட் வரியோட ஒத்து வரணும், அக்கவுண்ட் நம்பர் அவர் எழுதித் தந்த நம்பரோட இலக்கம் இலக்கமா ஒத்து வரணும். பேரைப் பாத்து ஏமாறாதீங்க, கன ஆப்ல அந்தப் பேரை டைப் பண்ணிச் சேமிச்சது நாமதான், காசு போறது நம்பருக்கு. ஒரு இலக்கம் பிழைச்சு, அப்படி ஒரு கணக்கு இல்லாட்டி அனுப்பினது நிண்டு போகும், இருந்தா வேற ஆருக்கோ போய்ச் சேரும்.

இன்னொண்டு, போட்ட நாளோட ஸ்டேட்மென்டை மூடிடாதீங்க, அடுத்து வாற நாட்களையும் பாருங்க. CEFTS என்டு போனது உடனுக்குடன போய்ச் சேர்ற வழி. SLIPS என்டு போனா கட்டுக் கட்டா போறது, லீவு நாள் வந்தா பிந்தும், கணக்குப் பிழையென்டா பிறகு திரும்பி உங்கட கணக்குக்கே வரும். அப்படித் திரும்பின வரவு ஒண்டும் இல்ல என்டு காட்டினாத்தான் "போச்சு, திரும்பி வரல்ல" என்டு நெஞ்சை நிமித்திச் சொல்லலாம். என்ட ஸ்டேட்மென்டை செப்டம்பர் வரைக்கும் பாத்தன், ஒரு சதமும் திரும்பி வரல்ல.

இவ்வளவும் காட்டியும் மாமா "ஓகஸ்ட் மாசத்துல வரல்லத்தானே" என்டே நிக்கிறாரு. அப்பதான் எனக்கு விளங்கிச்சு இந்தாள் எப்படிப் பாக்கிறாரென்டு. நான் ஜூலை வாடகையை ஜூலை 1ஆம் திகதி போட்டன், 28,000. ஓகஸ்ட் வாடகையை ஜூலை 31ஆம் திகதி பின்னேரமே போட்டுட்டன், மாமாங்கத் திருவிழா நேரம், பிள்ளைகளோட அலைச்சல், பிந்திடும் என்டு முந்தியே போட்டது. அதோட தண்ணி பில், கரண்ட் பில் காசு 4,350 ஐயும் சேத்து ஒரே அடியா 32,350. செப்டம்பர் வாடகை செப்டம்பர் 2ஆம் திகதி. இப்ப அவர்ட பக்கம் பாருங்க, ஜூலையில ரெண்டு வரவு, ஓகஸ்ட்ல ஒண்டுமே இல்ல, ஜூலை கடைசியில இரிக்கிறது 28,000 இல்ல, 32,350. இவரு ஓகஸ்ட் பக்கத்துல 28,000 என்ட இலக்கத்தைத் தேடுறாரு! முந்தி போட்டது குற்றமாகி நிக்குது.

அதனால ஒரு தாள் எடுத்து எந்த மாச வாடகை, எந்தத் திகதி போட்டது, எவ்வளவு, அதுல வாடகை எவ்வளவு பில் எவ்வளவு, ரெபரன்ஸ் நம்பர் என்ன என்டு ஜனவரியில இருந்து வரிசையா எழுதினன். ஒம்பது மாசம், ஒம்பது வரி. 32,350 இல 4,350 ஐக் கழிச்சா மிச்சம் என்ன மாமா என்டு கேட்டன். பில் காசு எவ்வளவு என்டு அவரே வட்ஸ்அப்ல அனுப்பின மெசேஜும் இருந்திச்சு, அதையும் பக்கத்துல வச்சன். மறுகா உங்கட ஸ்டேட்மென்டை ஜூலை 25இல இருந்து ஓகஸ்ட் 10 வரைக்கும் எடுங்க, வேற ஒண்டும் எனக்குக் காட்ட வேணாம், அந்த ஒரு வரியை மட்டும் பாருங்க என்டு சொன்னன். அவர்ட பேங்குக்கு நான் போய்க் கேட்டா சொல்ல மாட்டாங்க, அடுத்தவன்ட கணக்கு. நான் என்ட பேங்க்ல ரெபரன்ஸ் நம்பரைக் குடுத்து, இது போய்ச் சேர்ந்திச்சா என்டு தேடி எழுத்துல தாங்க என்டு கேக்கலாம், அவ்வளவுதான் என்ட கைல இரிக்கிறது.

எங்கட பக்கத்து வீட்டு அக்காட பாடு இன்னும் மோசம், அவ மிஷின்ல காசாப் போடுறவ. அவட ஸ்டேட்மென்ட்ல தேட ஒண்டும் இருக்காது, அந்தத் துண்டுதான் எல்லாம். அதுவோ சூட்டுல அச்சாகிற தாள், கொஞ்ச மாசத்துல எழுத்து வெளிறி வெள்ளைத் தாளாகிடும். அண்டைக்கே போட்டோ எடுத்து வைங்க அக்கா என்டு சொல்லி வச்சிரிக்கன்.

இப்ப நான் ஒவ்வொரு மாசமும் குறிப்பு எழுதுற இடத்துல RENT AUG மாதிரி மாசத்தைப் போடுறன், பில் காசை வேறயா அனுப்புறன். சில பேங்க் அந்தக் குறிப்பை வெட்டிக் கொத்தித்தான் மற்றப் பக்கம் காட்டும், அதுக்காக அனுப்பின உடன ரிசீட்டோட "ஓகஸ்ட் வாடகை" என்டு வட்ஸ்அப்லயும் போடுறன், "சரி" என்டு ஒரு சொல்லாவது பதில் வாற வரைக்கும் விடுறதில்ல.

கடைசியில மகன் பேங்குக்குப் போய் ஸ்டேட்மென்ட் எடுத்தான், ஜூலை 31, 32,350, அப்படியே கிடக்கு. மன்னிப்பு? அது எங்க! "அப்ப சரி மனே, ஆனா இந்த ஒன்லைன் குழப்பம் வேணாம், அடுத்த மாசத்துல இருந்து கைல கொண்டு வந்து தாங்க" என்டாரு. கைல தந்தா ரிசீட் எழுதித் தருவீங்களா மாமா என்டு கேட்டன். நமக்குள்ள என்னத்துக்கு ரிசீட் என்டு சிரிக்கிறாரு. அக்கவுண்டுக்குத்தான் போடுவன் என்டு சொல்லிட்டு வந்துட்டன்.