பொம்மை வீட்டில் பாத்திரம் கழுவுவது யார்?

போன மாதம் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு கருத்த பொம்மை வாங்கினேன். சுருட்டை முடி, அவளைப் போலவே. கோலாலம்பூரில் இரண்டு பேரங்காடிகளில் தேடி, மூன்றாவதில் அடித்தட்டில் கிடைத்தது. பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு செந்தூலுக்கு வந்து சேர்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து, அவள் தனியாக விளையாடும்போது கதவோரம் நின்று பார்த்தேன். பழைய பொன்முடிப் பொம்மைக்குப் பிறந்தநாள். கேக், கிரீடம், எல்லாம் அதற்குத்தான். புதியவள் மூலையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். "காக்கா, சீக்கிரம்!" என்று அதட்டல் வேறு. நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறாளோ என்று பதறிவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது. மலாயில் அக்காவுக்கு 'காக்காக்'. பக்கத்து வீட்டில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண்ணை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம். (அந்த அக்காவை நாங்கள் எந்தக் குரலில் கூப்பிடுகிறோம் என்பதும் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.)

நான் பாலர் பள்ளி ஆசிரியை. "பிள்ளையைப் போலவே ஒரு பொம்மை வாங்கிக் கொடுங்கள்" என்று பெற்றோரிடம் பல வருடமாகச் சொல்லிவந்தவள். அந்த அறிவுரை பாதிதான் சரி என்று இப்போது நினைக்கிறேன்.

பொம்மையை வைத்துச் செய்த சோதனைகளில் பலருக்கும் தெரிந்தது கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் செய்தது. 1940 வாக்கில், அமெரிக்காவில் 3 முதல் 7 வயது வரையான 253 கறுப்பினக் குழந்தைகள் முன் நான்கு பொம்மைகளை வைத்தார்கள். நிறமும் முடியும் தவிர எல்லாம் ஒன்றேதான். விளையாட எது வேண்டும், எது நல்ல பொம்மை, எது பார்க்க நன்றாக இல்லை என்று கேட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். கடைசியில்தான் "உன்னைப் போல இருக்கிற பொம்மை எது?" என்ற கேள்வி. அதற்குள் தன் நிறத்தை 'நன்றாக இல்லை' என்று சொல்லி முடித்திருந்த சில பிள்ளைகள் அழுதார்கள், சிலர் அறையை விட்டே ஓடினார்கள். 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது இந்த ஆய்வும் மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் தீர்ப்போடு கதையை முடித்துவிடுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இனம் பிரிக்காத வடக்குப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளும் வெள்ளைப் பொம்மையைத்தான் விரும்பினார்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத் தாண்டியும் எங்கிருந்தோ அவர்களுக்குச் செய்தி வந்துகொண்டிருந்தது.

எங்கிருந்து என்பதற்கு ஒரு துண்டு விடை, 2006இல் ஹெல்கா டிட்மாரும் அவருடைய சகாக்களும் இங்கிலாந்தில் செய்த ஆய்வில் இருக்கிறது. எனக்குப் பிடித்த ஆய்வு, ஏனென்றால் அதில் இருப்பது ஒரு சாதாரணப் படக்கதை. மிரா என்ற சிறுமி துணி வாங்கப் போகிறாள், பிறந்தநாள் விருந்துக்குத் தயாராகிறாள், அவ்வளவுதான். 5 முதல் 8 வயது வரையான 162 சிறுமிகளுக்கு இந்தக் கதையைக் காட்டினார்கள். சிலருக்குப் பார்பி படங்களோடு, சிலருக்கு உடல் பருத்த பொம்மையின் படங்களோடு, மற்றவர்களுக்குப் பொம்மையே இல்லாத படங்களோடு. பிறகு, ஒல்லியிலிருந்து குண்டு வரை வரிசையாக வரைந்த உருவங்களைக் காட்டி, இப்போது நீ எது, எப்படி இருக்க ஆசை என்று கேட்டார்கள். பார்பி படங்களைப் பார்த்த சின்னப் பெண்களுக்குத் தங்கள் உடம்பின் மேல் திருப்தி குறைந்தது, இன்னும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கூடியது. கதை அவர்களிடம் எடையைப் பற்றிப் பேசவில்லை. விருந்துக்குப் போகிறவள் எப்படி இருப்பாள் என்பதைப் படம் காட்டியது, அதுவே போதுமானதாக இருந்தது.

படம் பார்த்த கையோடு அளந்ததுதான் இது. ஒரு வருடம் கழித்து என்ன மிஞ்சும் என்பதை இந்த ஆய்வு சொல்லாது. மூத்த சிறுமிகளிடம் பார்பி படங்கள் அந்த உடனடி மாற்றத்தைக் காட்டவும் இல்லை. அந்த வயதுக்குள் ஒல்லியே அழகு என்ற எண்ணம் உள்ளே குடியேறியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் ஒரு விளக்கம். எட்டு வயதில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் பெற்றோருக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

2016இல் பார்பியே சதைப்பிடிப்பான உடம்போடும் வந்தது. கடைக்காரர்கள் மகிழ்ந்தார்கள், நாங்களும்தான். பிற்பாடு 3 முதல் 10 வயது வரையான அமெரிக்கச் சிறுமிகளிடம் அந்தப் பொம்மைகளைக் காட்டிக் கேட்டபோது, பழைய ஒல்லி உடம்புக்குத்தான் ஆதரவு. பிள்ளைக்குச் சதைப்பிடிப்பான பார்பியை வாங்கிக் கொடுக்கலாம், ஆனால் அதைப் பிடிக்க வைக்க முடியாது என்பதே அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பாகிவிட்டது. என் வீட்டில் பாத்திரம் கழுவுகிற பொம்மைக்கும் இதே கதிதான். கைக்குக் கிடைத்தாள், கதையில்தான் அவளுக்கு இடமில்லை.

அந்த வாரம் வகுப்பின் புத்தக அலமாரியை வேறு கண்ணோடு பார்த்தேன். கருத்த பிள்ளை எத்தனை புத்தகத்தில் இருக்கிறது என்று எண்ணவில்லை, அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்தேன். மலாய், சீன, இந்தியப் பிள்ளைகள் என மூன்று நண்பர்கள் வரும் உள்ளூர்ப் புத்தகங்களில் நம் பிள்ளை பெரும்பாலும் ஓரத்தில் நின்று கைதட்டுகிறது. தீபாவளிப் பக்கம் வந்தால் நடுவுக்கு வருகிறது, பக்கம் திருப்பினால் மறுபடி ஓரம். குண்டுப் பையன் என்றால் நாற்காலியை உடைப்பான், இல்லாவிட்டால் பிறர் பலகாரத்தைத் திருடுவான். இதில் வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த புத்தகங்களில் அரக்கன் கருப்பு, தொந்தி, கோரைப்பல். இளவரசி சிவப்பு, கொடியிடை. கார்மேக வண்ணன் என்று பாடப்படுகிற கண்ணனுக்கே வான நீலம்தான் பூசியிருக்கிறார்கள். பிள்ளையாரின் தொந்தியைக் கொஞ்சும் அதே பிள்ளைகள், தொந்தி உள்ள வகுப்புத் தோழனைக் கிண்டல் செய்கிறார்கள். சாமிக்குக் கொடுத்த சலுகை சக மனிதனுக்கு இல்லை. கருப்பே அழகு, காந்தலே ருசி என்று நம் பாட்டிகள் சொன்னதுண்டு. அதே பாட்டிகள்தான் "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்றும் சொன்னார்கள். அந்த 'இருந்தாலும்' பிள்ளைகளுக்கு நன்றாகக் கேட்கும்.

பிள்ளையிடம் நேரே "யார் அழகு?" என்று கேட்டுச் சோதிக்காதீர்கள். டீச்சருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று நான்கு வயதிலேயே அவர்களுக்குத் தெரியும். தனியாக விளையாடும்போது யாருக்குக் கேக், யாருக்குத் துடைப்பம் என்று பாருங்கள், அதில் நடிப்பு இருக்காது.

மகளைத் திட்டவில்லை. திட்டினால் அந்தப் பொம்மையை நான் போன பிறகு தட்டு கழுவ வைப்பாள், அவ்வளவுதான். பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் நானே ஒரு கதை வரைந்தேன். சுருட்டை முடிக்காரி மலர் பத்துமலைப் படி ஏறும்போது செருப்பைத் தொலைத்துவிடுகிறாள், குரங்கோடு பேரம் பேசி வாங்கி வருகிறாள். நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. எனக்கு வரைய வராது, குரங்கு பூனை மாதிரி இருந்தது. மகளுக்கு அந்தப் பூனைக்குரங்குதான் மிகவும் பிடித்தது. ஒரு வாரம் தினமும் ராத்திரி அதையே வாசிக்கச் சொன்னாள்.

நேற்று மறுபடி கதவோரம் நின்றேன். பொம்மைக்கு மலர் என்று பெயர் வந்திருந்தது. அவளுக்கு ஒரு செருப்புதான், இன்னொன்றை என் மகளே சோபாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். பொன்முடிக்காரி குரங்கு வேஷத்தில். பிறந்தநாள் யாருக்கும் இல்லை. மூலையில் தட்டுகள் கழுவாமல் கிடந்தன.